நாளையிலிருந்து இந்த ஆப் இருக்காது என்றால்?

புதிதாக ஆப் ஒன்றை வெளியிட்டவர்களிடம் "எப்படிப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் டவுன்லோட் எண்ணிக்கை வரும். கொஞ்சம் துருவினால் ஸ்டோரில் கிடைத்த நட்சத்திரங்கள் வரும். டவுன்லோட் என்பது விளம்பரம் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். நட்சத்திரம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்று ரொம்பப் பிடித்தவர்கள், இல்லை கடுப்பானவர்கள். இந்த ஆப் யாருக்காவது உண்மையிலேயே தேவைப்படுகிறதா என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. பிராடக்ட்-மார்க்கெட் ஃபிட் என்று ஸ்டார்ட்அப் வட்டாரத்தில் சொல்வது இந்தத் தேவையைத்தான். அது கிடைப்பதற்கு முன்னால் விளம்பரத்துக்குப் பணம் செலவழிப்பது வீண் என்று எல்லோருக்கும் தெரியும். கிடைத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதில்தான் குழப்பம்.

இதற்கு ஷான் எல்லிஸ் ஒரு எளிய வழி சொன்னார். டிராப்பாக்ஸ் போன்ற நிறுவனங்களின் ஆரம்பக் காலத்தில் பயனர்களைப் பெருக்கும் வேலையைப் பார்த்தவர். பயனர்களிடம் அவர் கேட்கச் சொன்ன கேள்வி இதுதான்: "இனிமேல் இந்த ஆப்பைப் பயன்படுத்த முடியாது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" விடைகள் நான்கு. மிகவும் ஏமாற்றமாக இருக்கும்; ஓரளவு ஏமாற்றமாக இருக்கும்; ஏமாற்றம் ஒன்றும் இல்லை; நான் இப்போது பயன்படுத்துவதே இல்லை. கடைசி விடையைச் சொன்னவர்களைத் தள்ளிவிட்டு, மற்றவர்களில் 40 சதவீதமோ அதற்கு மேலோ "மிகவும்" என்று சொன்னால் ஃபிட் இருக்கிறது என்று கொள்ளலாம்.

40 என்பது எங்கிருந்து வந்தது? கிட்டத்தட்ட நூறு ஸ்டார்ட்அப்களின் பதில்களை ஒப்பிட்டபோது, அதற்குக் கீழே இருந்தவை வளரத் திணறின, மேலே இருந்தவை பெரும்பாலும் வேகம் பிடித்தன என்று எல்லிஸ் கண்டார். இந்தக் கோடு கொஞ்சம் தோராயமானதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதனால் 39 வந்தால் கடையை மூடு, 41 வந்தால் கேக் வெட்டு என்பதெல்லாம் கிடையாது. ஓர் அளவுக்குச் சொல்கிறேன்: 2015-இல் ஹிட்டன் ஷா என்பவர் ஸ்லாக் என்ற அலுவலக உரையாடல் ஆப்பைப் பயன்படுத்தும் 731 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டார். வந்தது 51 சதவீதம். அந்தச் சமயத்தில் ஸ்லாக் எவ்வளவு வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது என்பது நினைவிருப்பவர்களுக்கு, 40 எவ்வளவு உயரமான கோடு என்பது புரியும்.

"திருப்தியா இருக்கீங்களா?" என்று கேட்பதைவிட இழப்பைப் பற்றிக் கேட்பது ஏன் நன்றாக வேலை செய்கிறது? திருப்தி என்று சொல்வதற்கு ஒன்றும் செலவாகாது. எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே பாதிப் பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இந்த ஆப் இல்லையென்றால் என்று கேட்டவுடன், அதற்குப் பதிலாக என்ன செய்வேன் என்று மனசு தானாகவே தேட ஆரம்பிக்கிறது. மாற்று சட்டென்று கிடைத்தால் ஏமாற்றம் குறைவு. கிடைக்காவிட்டால்தான் "ஐயோ" என்று தோன்றும். ஆக, இந்தக் கேள்வி ஆப்பை அதன் மாற்றோடு சேர்த்து எடை போடச் சொல்கிறது. "இது இல்லையென்றால் வேறு எதைப் பயன்படுத்துவீர்கள்?" என்பதையும் எல்லிஸ் தன் சர்வேயில் சேர்த்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

இதுவரை சொன்னது எங்கே தேடினாலும் கிடைக்கும். நான் பேச வந்தது வேறு: வருகிற சதவீதத்தைவிட, யாரிடம் கேட்டோம், யார் என்ன சொன்னார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குழுவின் கதையை வைத்துச் சொல்கிறேன். ஆப்பை அடையாளம் காட்ட வேண்டாம் என்பதால் எண்களைச் சற்று மாற்றி, கணக்குப் போட வசதியாக நூறு பேராக ஆக்கியிருக்கிறேன்.

மூன்று பேர் சேர்ந்து செய்த ஆப் அது. மாத்திரை போடும் நேரம் வந்தால் நினைவூட்டும். போட்டதும் ஒரு டிக் அடிக்க வேண்டும். விருப்பப்பட்டால் அந்த டிக்கைக் குடும்பத்தில் இன்னொருவரும் தன் போனில் பார்க்கலாம். கணக்குத் தொடங்கியவர்கள் 2,000 பேர். சர்வே அனுப்பும் முன் யாருக்கு அனுப்புவது என்பதில் முதல் சண்டை. மூவரில் ஒருவன் எல்லோருக்கும் அனுப்பலாம் என்றான். கூடாது. நேற்று ஆப்பை இறக்கியவருக்கு இழக்க இன்னும் எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பே விட்டுப் போனவர் ஏற்கெனவே இழந்துவிட்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆப்பின் முக்கியமான வேலையை அனுபவித்தவரிடம்தான் இந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. குறைந்தது இரண்டு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும், அதுவும் கடந்த இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது வழக்கமான வடிகட்டி. ஆப்பைத் திறந்து மூடுவதைப் பயன்பாடு என்று கணக்கு வைக்கக் கூடாது. இங்கே தன் டிக்கை அடிப்பதோ அடுத்தவர் டிக்கைப் பார்ப்பதோதான் பயன்பாடு.

வடிகட்டினால் 300 பேர் மிஞ்சினார்கள். அவர்களில் 100 பேர் பதில் சொன்னார்கள்.

இங்கேயே ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலரும் இந்த இடத்தை ஓடிக் கடந்துவிடுகிறார்கள். 2,000 பேர் வந்த வீட்டில் 300 பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களிடம் மட்டும் வீடு எப்படி என்று கேட்கிறோம். வடிகட்டியை இன்னும் இறுக்கினால், உதாரணமாக தினமும் பயன்படுத்துபவர்களிடம் மட்டும் கேட்டால், எந்த ஆப்புக்கும் 40-ஐத் தாண்டிவிடலாம். முதலீட்டாளருக்குக் காட்டும் ஸ்லைடில் பளிச்சென்று 60 சதவீதம் இருந்தால் நான் முதலில் கேட்பது வடிகட்டி என்ன, அதில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைத்தான். சதவீதத்தைத் தனியாகச் சொல்லாமல் "2,000-இல் 300 பேர் தகுதி, அதில் 100 பேர் பதில்" என்று பக்கத்திலேயே எழுதி வைப்பது நல்ல பழக்கம். பதில் சொல்லாத 200 பேர், சொன்னவர்களைவிட ஆர்வம் குறைந்தவர்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கேட்கும் நேரமும் விடையை மாற்றும். டிக் அடித்ததும் பச்சை நிறத்தில் "சபாஷ்" என்று வரும் திரைக்கு அடுத்தே சர்வேயைக் காட்டினால் பதில் இனிப்பாகத்தான் வரும். இவர்கள் மின்னஞ்சலில் கேட்டார்கள். பரிசு, இலவச மாதம் என்று எதுவும் அறிவிக்கவில்லை. அது சரியான முடிவு.

வந்த முடிவு: மிகவும் ஏமாற்றம் 28, ஓரளவு 46, ஒன்றும் இல்லை 26.

"இருபத்தெட்டுதான்டா. மூடிட்டு வேற ஏதாவது பண்ணலாமா?" என்று நண்பன் எனக்கு போன் செய்தான். அந்த 28 பேர் யார் என்று கேட்டேன். தெரியாது என்றான். சர்வே பதிலைப் பயனர் கணக்கோடு இணைத்து வைத்திருந்தார்களா என்று கேட்டேன். நல்ல வேளை, இணைத்திருந்தார்கள். பெயர் இல்லாத சர்வே என்றால் பதில் ஒளிவுமறைவில்லாமல் வரலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

பிரித்துப் பார்த்தபோது மூன்று விதமான ஆட்கள் இருந்தார்கள். தன் மாத்திரைக்காக மட்டும் வைத்திருப்பவர்கள் 40 பேர். அவர்களில் "மிகவும்" என்றவர்கள் வெறும் 5. இவர்களின் மாற்று என்ன என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் எழுதியது ஒரே விடை: போனில் இருக்கும் அலாரம். அடுத்து, இன்னொருவரின் டிக்கைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் 38 பேர். அவர்களில் "மிகவும்" 19. சரிபாதி! மிச்சம் 22 பேர் பார்க்கப்படுபவர்கள், அதாவது அந்த அப்பா அம்மாக்கள். அவர்களில் "மிகவும்" 4 பேர்தான்.

அந்த 19 பேர் "இதனால் உங்களுக்கு என்ன பயன்?" என்ற கேள்விக்கு எழுதியதைப் படித்தால், நினைவூட்டல் என்ற சொல்லே அரிதாகத்தான் வந்தது. ஒருவர் எழுதியது: "முன்னாடி போன் பண்ணினா மாத்திரை போட்டியாம்மான்னுதான் ஆரம்பிப்பேன், அவங்களுக்குக் கோபம் வரும். இப்ப வேற விஷயம் பேசுறோம்." குழு இதை மாத்திரை நினைவூட்டும் ஆப் என்று நினைத்துக்கொண்டிருந்தது. விட மாட்டேன் என்பவர்களுக்கோ இது கேட்காமலே தெரிந்துகொள்ளும் ஆப். அலாரத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

இந்தப் பிரிப்பு வேலையை நன்றாகச் செய்து காட்டியவர் சூப்பர்ஹியூமன் என்ற மின்னஞ்சல் ஆப்பின் நிறுவனர் ராகுல் வோரா. 2017-இல் அவர்களுக்கு முதலில் வந்தது 22 சதவீதம். "மிகவும்" என்றவர்கள் எந்த மாதிரி வேலைகளில் இருப்பவர்கள் என்று பார்த்து, அந்த வகையினரை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டபோது 30-ஐத் தாண்டியது. பிறகு ஆப்பைத் திருத்தத் திருத்த, மூன்று காலாண்டுகளில் 58 ஆனது. வோரா சொன்னவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது "ஓரளவு" கூட்டத்தை அவர் கையாண்ட விதம். அதில் எல்லோர் பேச்சையும் கேட்கவில்லை. "மிகவும்" கூட்டம் எந்தப் பயனுக்காக ஆப்பை நேசிக்கிறதோ, அதே பயனைச் சொல்லியும் "ஓரளவு" என்று நின்றுவிட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இவர்களைத் தடுப்பது என்ன என்று பார்த்தார். வேறு ஏதோ பயனுக்காக வந்த "ஓரளவு" ஆட்களைத் திருப்திப்படுத்தப் போனால் அது வேறொரு ஆப் ஆகிவிடும்.

நம் கதையில் தூரத்திலிருந்து பார்ப்பவர்களில் 16 பேர் "ஓரளவு" என்றிருந்தார்கள். அவர்களில் 10 பேர் அதே பயனைத்தான் சொன்னார்கள். தடை என்ன? டிக் விழவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. அம்மா மாத்திரை போடவில்லையா, போட்டுவிட்டு டிக் அடிக்க மறந்தாரா, போனில் சார்ஜ் இல்லையா, நெட் இல்லையா? நான்குக்கும் திரையில் ஒரே சாம்பல் வட்டம். கடைசியில் போன் செய்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. எதிலிருந்து விடுதலை என்று ஆப் சொன்னதோ அதிலேயே கொண்டுபோய்விடுகிறது. மற்ற 6 பேர் கேட்டது ரத்தப் பரிசோதனை அறிக்கைகளைச் சேமிக்க இடம், மருந்து தீர்ந்தால் ஆர்டர் போட வசதி இப்படி. நல்ல யோசனைகள்தான், ஆனால் ஒதுக்கி வைத்தார்கள்.

சாம்பல் வட்டத்துக்கு அவர்கள் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. எதிர்முனை போன் கடைசியாக எப்போது இணைப்பில் இருந்தது என்பதை வட்டத்துக்குக் கீழே சின்னதாகக் காட்டினார்கள். "போன் காலை 6 மணியிலிருந்து அணைந்திருக்கிறது" என்று தெரிந்தால் பதற்றம் வேறு மாதிரி. போன் உயிரோடு இருந்தும் டிக் இல்லை என்றால் அரை மணி கழித்து அம்மாவின் போனுக்கு இன்னொரு நினைவூட்டல் போகும், அது போனது மகனுக்கும் தெரியும்.

வோராவின் முறையில் நான் ஒத்துப்போகாத ஓர் இடமும் இந்த ஆப்பில்தான் தெரிந்தது. "ஏமாற்றம் ஒன்றும் இல்லை" என்பவர்களைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள், அவர்கள் உங்கள் ஆட்கள் இல்லை என்பார். தனியாள் பயன்படுத்தும் மின்னஞ்சல் ஆப்புக்கு அது பொருந்தும். இங்கே பார்க்கப்படும் 22 பேரில் 10 பேர் "ஒன்றும் இல்லை" என்றார்கள். ஒருவர் "நிம்மதியாக இருக்கும்" என்றே எழுதியிருந்தார்! இவர்களைத் தள்ளிவிட முடியுமா? இவர் டிக் அடிப்பதை நிறுத்தினால் மகனின் "மிகவும்" ஒரே வாரத்தில் "ஒன்றும் இல்லை" ஆகிவிடும். ஒருவர் செய்யும் வேலையில் இன்னொருவர் பலன் பெறும் ஆப் எதுவானாலும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சதவீதம் போட வேண்டும். பலன் பெறுபவரிடம் அது உயரமாக இருந்தால் போதும். வேலை செய்பவரிடம் அது உயரமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் "ஒன்றும் இல்லை" பாதியை நெருங்கக் கூடாது என்பது என் கணக்கு. இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் எதுவும் காட்ட மாட்டேன், அனுபவத்தில் வந்த எச்சரிக்கை.

அப்புறம், 38-இல் 19 என்பதை எவ்வளவு நம்பலாம்? இவ்வளவு சிறிய கூட்டத்தில் 50 சதவீதம் என்றால், உண்மையான அளவு 34-லிருந்து 66-க்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 40 பதில் வந்தால் போக்கு தெரியும் என்பார்கள். போக்குதான் தெரியும். 50 வந்தது அடுத்த முறை 45 ஆனால் ஆப் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் இந்தக் கூட்டத்தில் பாதி, தனியாளில் எட்டில் ஒன்று என்ற வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவு இல்லை.

இன்னொரு பொறி, பிரிப்பதிலேயே இருக்கிறது. வயது, போன் மாடல், சேர்ந்த மாதம், மாத்திரை எண்ணிக்கை என்று இருபது விதமாக வெட்டிப் பார்த்தால் ஏதாவது ஒரு துண்டு 40-ஐத் தாண்டத்தான் செய்யும். அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கொண்டாடுவதற்கு முன் இரண்டு சோதனைகள் போதும். அந்தத் துண்டில் இருப்பவர்கள் ஏன் விட மாட்டார்கள் என்பதற்கு அவர்கள் வாயிலிருந்தே ஒரு காரணம் வந்திருக்கிறதா? இங்கே வந்திருக்கிறது. அடுத்து, அதே துண்டில் இதுவரை கேட்காத புதிய ஆட்களிடம் கேட்டாலும் ஏறக்குறைய அதே விடை வருகிறதா? ஒருவரிடம் ஒரு முறைதான் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இந்த இரண்டாவது சோதனை தானாகவே நடந்துவிடும்.

"மிகவும்" என்பதே சில சமயம் ஏமாற்றும். பல மாதக் குறிப்புகள் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பதால் "ஐயோ வேண்டாம்" என்பவரும் உண்டு. அவருக்கு வேண்டியது ஆப் இல்லை, தன் தரவு. பயன் என்ன என்ற கேள்விக்கு "எல்லாம் இதில்தான் இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அவரைத் தனியாக வைத்துத்தான் எண்ணுவேன். அலுவலகம் கட்டாயப்படுத்திப் பயன்படுத்த வைக்கும் மென்பொருளுக்கும், வருடத்துக்கு ஒரு முறை மட்டும் தேவைப்படும் ஆப்புக்கும் இந்தக் கேள்வி சரிப்படாது. முன்னதில் இழப்பை முடிவு செய்பவர் வேறொருவர். பின்னதில் இரண்டு வார வடிகட்டியே பொருந்தாது.

கடைசியில் இது பேச்சுதான், செயல் அல்ல. அதனால் குழுவிடம் இன்னொரு வேலையும் சொன்னேன். "மிகவும்" என்ற 28 பேரின் கணக்குகளைக் குறித்து வைத்து, எட்டு வாரம் கழித்து அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், "ஓரளவு" என்ற 46 பேரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். இரண்டு கூட்டமும் ஒரே வேகத்தில் கரைந்தால் சர்வே எதையும் அளக்கவில்லை என்று பொருள். இங்கே முதல் கூட்டத்தில் பெரும்பாலோர் இருந்தார்கள், இரண்டாவதில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். முதல் கூட்டத்தில் காணாமல் போன சிலரைப் பார்த்தால், எல்லோருடைய எதிர்முனையிலும் டிக் அடிப்பது அதற்கு முன்பே நின்றிருந்தது.

இப்போது அந்த ஆப்பில் கணக்குத் தொடங்கும்போது வரும் முதல் கேள்வி "யாருடைய மாத்திரையைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்?" என்பது. "என்னுடையதை மட்டும்" என்ற விடை பட்டியலின் கடைசியில் இருக்கிறது. மாதந்தோறும் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். அடுத்த சுற்றுச் சர்வேயில் பார்ப்பவர்களில் "மிகவும்" என்றவர்களின் பங்கு பாதிக்கு மேல் கொஞ்சம் ஏறியிருந்தது. இத்தனை சிறிய கூட்டத்தில் அதை ஏற்றம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் புதிய ஆட்களிடமும் அது நிற்கிறது. பார்க்கப்படுபவர்களில் "ஒன்றும் இல்லை" என்பவர்கள்தான் இன்னும் குறையவில்லை. இப்போது மூவரும் முழுக்க அந்தப் பக்கத்து வேலையில்தான் இருக்கிறார்கள்: டிக்கே அடிக்காமல், மாத்திரைப் பெட்டியைத் திறந்தாலே தெரியும்படி செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.